கால்சியம் சரியாக இருந்தும் எலும்பு ஏன் வலிக்கிறது?

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் முப்பத்தெட்டு வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறுகிறார், நாள் முழுவதும் கூரைக்கடியில் நிற்கிறார், இருட்டிய பிறகு கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் உள்ள தம் ஊருக்குத் திரும்புகிறார். ஆறு மாதமாக இடுப்பும் தொடையும் வலிக்கின்றன. தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடிவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எலும்பு வலி என்றதும் ஃபுளோரைடு கலந்த தண்ணீரைச் சந்தேகிப்பது இயல்பு, அது நியாயமும்கூட. ஆனால் இவருடைய ரத்தப் பரிசோதனை வேறொரு கதையைச் சொல்கிறது. ரத்தத்தில் கால்சியம் 8.9 மில்லிகிராம், 8.5 முதல் 10.5 வரை இயல்பு என்பதால் குறையில்லை. பாஸ்பரஸ் 2.2, இயல்பான கீழெல்லையாகிய 2.5-க்கும் குறைவு. பாராதைராய்டு ஹார்மோன் 148. 65-ஐத் தாண்டக் கூடாது. வைட்டமின் டி வெறும் 7. 20-க்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

கால்சியம் சரியாக இருக்கிறதே என்று இந்தத் தாளை மடித்து வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கக்கூடிய பெரிய தவறு. அந்த 8.9 தானாக நிற்கவில்லை. அதை ஒரு ஹார்மோன் தாங்கிப் பிடித்திருக்கிறது.

கழுத்தில் தைராய்டு சுரப்பியின் பின்புறத்தில், பெரும்பாலோருக்கு நான்காக, அரிசிமணி அளவில் பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கின்றன. ரத்தத்தில் தனித்து மிதக்கும் கால்சியத்தை அளந்தறியும் உணர்விகள் இவற்றின் செல்களின் மேல் உள்ளன. அந்த அளவு சற்றே தாழ்ந்தாலும் சில நொடிகளிலேயே ஹார்மோன் வெளியாகிறது. ரத்தத்தில் அதன் ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால், குறை தீர்ந்ததும் கட்டளையும் விரைவில் அடங்கிவிடுகிறது.

முதல் கட்டளை எலும்புக்குப் போகிறது. எலும்பைக் கரைக்கும் செல்களில் இந்த ஹார்மோனை ஏற்கும் வாயில் கிட்டத்தட்ட இல்லை. எலும்பைக் கட்டும் செல்களும், எலும்புக்குள் புதைந்து கிடக்கும் செல்களுமே கட்டளையைக் கேட்டு, 'ரேங்க்-எல்' என்னும் புரதத்தை மேலே நீட்டுகின்றன; அதைத் தொட்ட பிறகே கரைக்கும் செல்கள் முதிர்ந்து வேலையில் இறங்குகின்றன. கட்டுகிறவரே இடிப்பவரை அழைத்து வரும் இந்த ஏற்பாடு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது.

எலும்பு கரையும்போது கால்சியம் மட்டும் வருவதில்லை. அதோடு பிணைந்த பாஸ்பேட்டும் ரத்தத்தில் கலக்கிறது. இரண்டும் ஒன்றாக ஏறினால் மறுபடி சேர்ந்து திசுக்களில் படிந்துவிடும், பட்ட பாடு வீணாகும். இதைச் சிறுநீரகம் தடுக்கிறது. ஹார்மோன் வந்ததும் அது கால்சியத்தைக் கடைசிக் குழாய்ப் பகுதியில் இறுகப் பிடித்துக்கொள்கிறது; பாஸ்பேட்டையோ முதல் பகுதியிலேயே மீட்காமல் சிறுநீரோடு போக விடுகிறது. நம் தொழிலாளியின் பாஸ்பரஸ் 2.2-க்கு இறங்கியதன் முக்கியக் காரணம் இதுதான். புது எலும்பு கடினப்பட பாஸ்பேட் வேண்டும். அது போதாமல் எலும்பு மென்மையாகி வலிக்கிறது, தொடைத் தசையும் தளர்கிறது.

மூன்றாவது வேலையும் சிறுநீரகத்தில்தான். தோலில் வெயில் பட்டு உருவாகும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒரு மாற்றம் பெற்று இருப்பாக ரத்தத்தில் சுற்றுகிறது. ரிப்போர்ட்டில் பார்த்த 7 என்பது இந்த இருப்பு. இதைச் செயல்படும் வடிவமாக மாற்றும் நொதியைச் சிறுநீரகத்தில் தூண்டுவது பாராதைராய்டு ஹார்மோன். செயல்படும் வடிவம் குடலுக்குச் சென்று, உணவிலுள்ள கால்சியத்தை உள்ளிழுக்கும் புரதங்களைப் பெருக்குகிறது. அது போதுமான அளவில் இருந்தால் உணவுக் கால்சியத்தில் 30 சதவீதம் அளவுக்கு உள்ளே வரும்; இல்லாவிட்டால் 10 முதல் 15 சதவீதம்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. தினமும் களி சாப்பிட்டும் இவருக்கு அது சேராததற்கு இதுவே முதன்மைக் காரணம். தானியத்திலுள்ள ஃபைட்டேட்டும் ஓரளவு தடுக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஹார்மோன் நொதியை முடுக்கிக்கொண்டே இருப்பதால், இருப்பு வற்றிய நிலையிலும் செயல்படும் வடிவம் இயல்பாகவோ சற்று உயர்ந்தோகூட இருக்கலாம். ஆகவே குறைபாட்டைக் கண்டறிய இருப்பைத்தான் அளக்க வேண்டும். இதே 148-உடன் கால்சியம் 11.2 என்றிருந்தால் பொருள் அடியோடு வேறு: சுரப்பியே கட்டியாகித் தன்னிச்சையாகச் சுரக்கிறது என்று ஐயுற வேண்டும்.

இவருக்கு மருத்துவர் வைட்டமின் டி-யையும் கால்சியத்தையும் சேர்த்தே தருவார். குடல்வழி கால்சியம் வரத் தொடங்கியதும் சுரப்பி மெல்ல அடங்குகிறது, பாஸ்பரஸ் ஏறுகிறது. ஆனால் பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால், எலும்பு கட்டப்படுவதைக் காட்டும் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி முதல் சில வாரங்களில் இன்னும் ஏறக்கூடும். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. அது இறங்க மாதக்கணக்கில் ஆகும்.