கிராஜுவிட்டி கருணைத்தொகை அல்ல, பணிக்கொடை

ஈரோடு, பெருந்துறைப் பக்கத்து ஓட்டல்காரர்கள் பலரிடம் ஒரு தமிழ்ச் சுற்றறிக்கை கைமாறிக்கொண்டிருக்கிறது. ஓட்டல் முதலாளி தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று தொகைகளை அதில் வரிசையாகப் போட்டிருக்கிறார்கள்: வருங்கால வைப்பு நிதி, போனஸ், 'கருணைத்தொகை (கிராஜுவிட்டி)'. வேலையை விட்டுப் போகும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய இந்த மூன்றாவது தொகையின் பெயரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். சுற்றறிக்கையைப் படித்த மெஸ்காரர் ஒருவர், "கருணைன்னா நம்ம இஷ்டந்தானுங்க, மாஸ்டர் நல்லபடியா போனா பாத்துக் குடுக்கலாமுங்க" என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அந்தச் சொல் அப்படித்தான் சொல்கிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். பிடித்தமானது, நன்றிக்குரியது என்று பொருள்படும் சொல்லிலிருந்து, மனமுவந்து தரும் அன்பளிப்பு என்ற பொருளில் வந்தது. சர்வருக்கு வைக்கும் டிப்ஸுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான், ஓட்டல் தொழிலில் குழப்பம் இரட்டிப்பாக அது போதும். ஆனால் 1972-இல் பணிக்கொடைச் சட்டம் வந்ததும் இந்தியாவில் அது அன்பளிப்பாக இருப்பது நின்றுபோனது. தொழிலாளி கேட்டு வாங்கக்கூடிய கடனாகிவிட்டது. சொல்லின் வேரை மொழிபெயர்ப்பவர்கள் சட்டத்தை மொழிபெயர்ப்பதில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

கருணைத்தொகை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. தீபாவளிக்கு முன்பு அரசுப் பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு வரும் அறிவிப்பை நினைத்துப் பாருங்கள்: போனஸ் 8.33 விழுக்காடு, கருணைத்தொகை 11.67 விழுக்காடு, ஆக 20. சட்டம் கட்டாயமாக்கியது முதல் பகுதி. அதற்கு மேல் நிறுவனம் தானாகத் தருவது இரண்டாம் பகுதி. இப்படித் தெளிவாகப் பொருள் ஊன்றிய சொல்லைப் பிடுங்கி, கட்டாயமாகத் தர வேண்டிய பணத்தின் தலையில் வைத்தால் என்ன ஆகும்? வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி 25,000 ரூபாய் கொடுத்து, வவுச்சரில் 'கருணைத்தொகை' என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். நாளைக்கு அவர் தொழிலாளர் துறையில் மனுப் போட்டால், "இது என் முதலாளி பிரியப்பட்டுத் தந்தது, பணிக்கொடை இன்னும் வரவில்லை" என்று அந்த வவுச்சரையே நீட்டலாம். முதலாளியின் காகிதமே முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

'பணிக்கொடை' என்ற அரசுச் சொல்லையும் சிலர் விடுவதில்லை. கொடை என்றால் தர்மம்தானே என்கிறார்கள். தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிக்கிறது. ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா என்பது ஒத்தவன் கேட்பது, கொடு என்பது உயர்ந்தவன் கேட்பது. அந்தக் கணக்கில் கொடையில் கெஞ்சல் இல்லை, அதட்டல் இருக்கிறது. பணியால் வந்த கொடை, பணி செய்தவன் 'கொடு' என்று கேட்கும் கொடை. இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, எப்போது, எவ்வளவு? 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. கடையில் 10 பேர் இருந்தால் பொருந்தும். டேபிள் துடைக்கும் பையன், கல்லாவில் உட்காரும் ஆள், பாத்திரம் கழுவும் அம்மா எல்லாரும் அந்தப் பத்தில் சேர்த்தி. ஒருமுறை பொருந்திவிட்டால், பிறகு ஆள் எட்டாகக் குறைந்தாலும் விடாது. தொடர்ந்து 5 ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும். இறந்துபோனாலோ ஊனமாகி வேலை செய்ய முடியாமல் போனாலோ அந்த 5 ஆண்டு தேவையில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தம் எழுதி வைத்த ஆளுக்குப் புதிய தொகுப்பில் ஓராண்டே போதும்.

பெருந்துறையில் ஒரு மெஸ் என்று வைத்துக்கொள்வோம். பரோட்டா மாஸ்டர் 11 ஆண்டு 7 மாதம் இருந்துவிட்டுச் சொந்தக் கடை போடப் போகிறார். கடைசிச் சம்பளம் 15,600 ரூபாய், படி என்று எதுவும் பிரிக்காத ஒரே தொகை. இதை 26-ஆல் வகுக்க வேண்டும், ஒரு நாளுக்கு 600 வரும். ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி, 9,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும் என்பதால் 11 அல்ல, 12 ஆண்டு. மொத்தம் 1,08,000 ரூபாய். மாதத்துக்கு 30 நாள்தானே என்று 30-ஆல் வகுப்பவர்கள் 93,600-இல் நிறுத்திவிடுவார்கள்; அந்த 14,400 ரூபாய்தான் பிறகு வட்டியோடு திரும்பி வரும். நாலு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்த மாதம் என்று நினைத்துக்கொண்டால் 26 மறக்காது. பணத்தை 30 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

சம்பளத்தை அடிப்படை 5,000, மீதி படி என்று உடைத்து எழுதி இந்தத் தொகையைச் சுருக்கும் வழக்கம் இங்கே உண்டு. புதிய தொகுப்பு அதை அடைக்கிறது: விலக்கு பெறும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் கூலியாகவே எண்ணப்படும். மாஸ்டர் கோவித்துக்கொண்டு போனார், சொல்லாமல் போனார், பக்கத்துக் கடைக்குப் போனார் என்பதெல்லாம் பணிக்கொடையைப் பிடித்துவைக்கக் காரணமாகாது. சொத்துக்குச் சேதம் விளைவித்து வேலை நீக்கம் ஆனவரிடம் அந்தச் சேத அளவுக்குக் கழிக்கலாம். அடிதடி, வேலையிடத்தில் ஒழுக்கக் கேடான குற்றம் ஆகியவற்றால் நீக்கப்பட்டவருக்கு மறுக்கலாம். கருணையாக இருந்தால் இத்தனை விதி எதற்கு?

மாதம் 750 ரூபாய் தனியாக எடுத்துவைத்தால் இந்த மாஸ்டரின் இப்போதைய சம்பளத்துக்கு ஓர் ஆண்டுப் பங்கு சேர்ந்துவிடும். ஆனால் சம்பளம் உயர்ந்தால் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்துத் தொகை ஏறும், கணக்கு கடைசிச் சம்பளத்தின் மேல் என்பதால்.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வருங்கால வைப்பு நிதி என்ற பெயர் நல்ல பெயர்தான், ஆனால் கடைத்தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'பி.எஃப். பிடித்தம்' என்பார்கள். அந்தப் 'பிடித்தம்' என்ற சொல்தான் தன் பங்கை முதலாளிக்கு மறக்கடிக்கிறது. 20 பேர் உள்ள கடையில் தொழிலாளியிடம் 12 விழுக்காடு பிடித்தால், முதலாளி தன் கையிலிருந்து இன்னொரு 12 போட்டு, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தன் பங்கையும் சம்பளத்திலேயே கழிப்பது குற்றம்.

போனஸுக்கு 'மிகையூதியம்' என்றொரு அரசுச் சொல் இருக்கிறது. மிகை என்றால் வேண்டாத கூடுதல் என்றும் படும், அதனால் எனக்குப் பிடிக்கவில்லை. போனஸ் என்றே எழுதலாம், எல்லாருக்கும் புரியும். 'ஊக்கத்தொகை' என்று எழுதுகிறவர்களை மட்டும் மன்னிக்க முடியாது, நன்றாக வேலை செய்தால்தான் உண்டு என்று அது சொல்லிவிடும். 20 பேர் உள்ள கடையில் தகுதியான ஊழியருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பழைய கடை என்றால் அந்த ஆண்டு நட்டம் என்றாலும் அது உண்டு. தீபாவளிக்குத் தரும் துணியும் ஸ்வீட் பாக்ஸும் கருணைத்தொகைக் கணக்கில் போகட்டும். அந்தச் சொல்லுக்கு அது பொருத்தமான இடம்தான்.