சிம் மாற்றினீர்களா? அப்போ யுபிஐ செயலி கொஞ்சம் காக்க வைக்கும்

வங்கிக் கிளையில் என் மேசைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். புது போன், கூடவே புது சிம்.

"நாலு தடவை போட்டுட்டேன் தம்பி, எஸ்.எம்.எஸ். சரிபார்ப்பு தோல்வின்னே வருது. கணக்கை முடக்கிட்டாங்களா?"

"இல்லீங்கம்மா. சிம் எப்போ மாத்துனீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணி இருக்கும்."

விஷயம் அதில்தான் இருந்தது. புது போனில் யுபிஐ செயலியைத் திறந்து எண்ணைப் பதியும்போது, அது புரியாத எழுத்துகள் கொண்ட ஒரு எஸ்.எம்.எஸ்.ஸை உங்கள் சிம்மிலிருந்து வெளியே அனுப்பும். எந்த எண்ணிலிருந்து வந்தது என்று பார்த்து, அந்த எண்ணை அந்த போனோடு கட்டிவைப்பார்கள். ஓடிபி நமக்கு வரும். இது நம்மிடமிருந்து போக வேண்டும். ஆனால் சிம் மாற்றிய முதல் 24 மணி நேரத்துக்கு, திருட்டுத்தனமாக மாற்றியிருந்தால் தடுப்பதற்காக, எஸ்.எம்.எஸ். வசதியை நிறுத்தி வைக்கிறார்கள். பேச முடியும், இன்டர்நெட் ஓடும். அதனால்தான் சந்தேகமே வருவதில்லை.

"இன்னைக்கு ஏழு மணிக்கு மேல, வங்கியில பதிஞ்ச சிம்முலேர்ந்து மகனுக்கு ஒரு சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்க. அது போனா இதுவும் போகும்" என்றேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்ப்பது இதற்கு உதவாது. நேரம் கடந்தும் போகவில்லை என்றால், ரீசார்ஜில் எஸ்.எம்.எஸ். இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் போடும் போனில், செயலி கேட்கும்போது வேறு சிம்மைத் தொட்டுவிடுவதும் நிறைய நடக்கிறது.

அன்றிரவு அவருக்குப் பதிவாகிவிட்டது. பழைய யுபிஐ பின் நம்பரே வேலை செய்தது. பின் நம்பர் வங்கிக் கணக்கைச் சேர்ந்தது, போனைச் சேர்ந்தது அல்ல. மறுநாள் காலை போன் செய்தார்: வாடகை 12,000 ரூபாய் போகவில்லை. புதிதாகப் பதிந்த போனில் முதல் 24 மணி நேரத்துக்கு மொத்தமே 5,000 ரூபாய்தான். 1,800 ரூபாய் மின்கட்டணத்தை மட்டும் அப்போதே கட்டிவிட்டு, வாடகையை அன்றிரவு அனுப்பினார். சில வங்கிகள் ஐபோனுக்கு இந்தக் காலத்தை 72 மணி நேரம் வரை வைத்திருக்கின்றன.

அந்தப் புரியாத எஸ்.எம்.எஸ். பற்றி இன்னொன்று. "சரிபார்ப்புக்காக இதை இந்த எண்ணுக்கு அனுப்புங்க" என்று யாராவது அதே மாதிரி எழுத்துகளை உங்களுக்கு அனுப்பினால், அது அவருடைய போனில் உருவானது. நீங்கள் அனுப்பினால் உங்கள் எண் அவர் போனோடு கட்டப்படும். அடுத்து பின் நம்பர் அமைக்க டெபிட் கார்டு விவரமும் ஓடிபியும் கேட்பார். தெரியாமல் அனுப்பிவிட்டிருந்தால், வங்கியை அழைத்து யுபிஐயை முடக்கச் சொல்லுங்கள். பணமும் போயிருந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.