கிணற்றுக்குள் ஒளிந்திருக்கும் றகரம்

பினாங்கில் 5ஆம் ஆண்டில் படிக்கும் என் அக்கா மகள், கட்டுரையில் ‘பயிர்ச்சி’ என்று எழுதிச் சிவப்பு மையில் வட்டம் வாங்கி வந்தாள். “வளர்ச்சிக்குச் சின்ன ர, பயிற்சிக்கு மட்டும் ஏன் சித்தி பெரிய ற? சொல்றப்போ ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?” என்றாள். நியாயமான கேள்வி. ‘நாக்கை அழுத்திச் சொல்லிப் பார்’ என்று பதில் சொல்லியிருந்தால் அது பொய். நானே ‘கரி’யையும் ‘கறி’யையும் ஒரே மாதிரிதான் சொல்கிறேன்.

முன்பு இரண்டும் வேறாகத்தான் இருந்தன. நுனிநாக்கு அண்ணத்தை வருடினால் ர பிறக்கும், ஒற்றினால் ற பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதாவது ர தடவிவிட்டுப் போகும் ஒலி. றகரமோ க, ச, ட, த, ப போல மூச்சை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் வல்லினம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் ‘காற்று’ என்ற சொல்லில் அந்த அடைப்பை இன்றும் கேட்கலாம். நம்மிடம் தனி ற அந்த அடைப்பை இழந்து ரகரத்தோடு கலந்துவிட்டது.

கலந்தாலும் தடயம் போகவில்லை. ற் என்பதே ஓர் அடைப்பு என்பதால், அதன் பின்னால் இன்னும் இரண்டு அடைப்புகளுக்கு இடமில்லை. அதனால் பயிற்சி, முயற்சி, கற்க என்று ஒற்றை எழுத்துதான் வரும். ‘முயற்ச்சி’ எங்கே எழுதியிருந்தாலும் தவறு. ர் இடையினம், அதன் பின்னால் வளர்ச்சி, பார்க்க, எதிர்ப்பு என்று இரட்டிக்கலாம். இந்த ற் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். பயில் என்பதன் ல்தான் பயிற்சியில் ற் ஆனது. முயல், கல் எல்லாமே அப்படித்தான். வளர் என்பதில் ர் ஏற்கெனவே இருக்கிறது. அது மாறவே இல்லை. சந்தேகம் வந்தால் வேர்ச்சொல்லைத் தேடுங்கள்: ல் அல்லது ன் கிடைத்தால் ற்.

சரி, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வந்தால்? கிணறா, கிணரா? அவளிடம் எழுதச் சொல்லவில்லை. “தவளை எங்க இருக்கு?” என்று கேட்டேன். “கிணத்துல” என்றாள். அந்தத் ‘த்து’தான் துப்பு. எழுத்தில் அது கிணற்றில். றகரம் இரட்டிக்கும், இரட்டித்த ற்ற பேச்சில் த்த ஆகும். சோறு, சோத்துல. வயிறு, வயித்துல. ‘தெரு’வுக்கு யாரும் ‘தெத்துல’ என்று சொல்வதில்லை. தெருவுல என்றுதான் சொல்கிறோம், ஏனென்றால் ர இரட்டிக்காது. வினையிலும் இதே கதை: தே ஆறிப்போச்சு, தே ஆத்து. தே தாரிக் கடைக்காரர் குவளையை உயர்த்தும்போதெல்லாம் எனக்கு இந்த றகரம்தான் ஞாபகம் வருகிறது. மாறு, மாத்து, ஏறு, ஏத்து.

இதில் ஒரு பொறி உண்டு (பெரிய ற, பொரிகடலை இல்லை). பாரு, பாத்து என்றும் சொல்கிறோமே? இங்கே ‘பாத்து’ என்பது பார்த்து. தனி வினை இல்லை, பார் என்பதன் எச்சம். ‘மாத்து’ அப்படியில்லை, ஒருவரை ஏவும் முழு வினை. தவிர, பாரு என்பதை எழுத்தில் ‘பார்’ என்று முடிக்கலாம். மாறு என்பதை ‘மாற்’ என்று முடிக்க முடியாது, ஏனென்றால் தமிழில் எந்தச் சொல்லும் ற் என்று முடிவதில்லை. சிலாங்கூர், ஜொகூர் எல்லாம் சின்ன ர் வாங்கியதும் அதனால்தான்.

இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. நதியான ஆறு ‘ஆற்றில்’ என்று இரட்டிக்கிறது. எண்ணான ஆறு ‘ஆறில் ஒரு பங்கு’ என்று அப்படியே நிற்கிறது. இரட்டித்தால் ற என்பது உறுதி. இரட்டிக்கவில்லை என்பதால் மட்டும் ர ஆகிவிடாது. எண் ஆறுக்கு ‘அறுபது’ பக்கத்தில் இருந்து கைகொடுக்கிறது, ஆனால் அதையும் எழுத்தில் பார்த்தால்தான் உண்டு.

எந்த உருபு சேர்த்தாலும் அசையாத சொற்கள்தான் கடினம். கறி, கரி, அறை, அரை, துறை, துரை. தோட்டத்தை ஆண்ட துரையையும் கல்வித் துறையையும் பொருளை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். கறி நம் ஊரில் இன்னும் சிக்கல். மலாயில் kari என்று ஒரே r போட்டு எழுதுவதைத் தினமும் பார்க்கிற கண், தமிழிலும் கை போன போக்கில் ‘மீன் கரி’ என்று எழுதிவிடுகிறது. அதைப் படித்தால் தட்டில் கருகிய மீன்தான் வர வேண்டும். இதற்குச் சோதனை எதுவும் என்னிடம் இல்லை. “அடுப்புல எரியிறது சின்ன ர, சட்டியில கொதிக்கிறது பெரிய ற” என்று சொல்லி வைத்தேன். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். ‘எரியிறது’ என்பதற்கு எந்த ர என்றும் கேட்டாள்.