‘பிழை மட்டும் பாருங்கள்’ என்றால் எதுவரை பார்ப்பது?

“பெரிதாக ஒன்றும் இல்லை, எழுத்துப் பிழை மட்டும் ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.” மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு அடிக்கடி வருகிற வேண்டுகோள் இது. கோப்பைத் திறந்து மூன்றாம் பக்கம் வருவதற்குள் கை பரபரக்கத் தொடங்கிவிடும். இந்த வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் நன்றாக இருக்குமே, ஒரே சொல் ஒரே பத்தியில் நான்கு முறை வருகிறதே என்று மனம் சொல்லும். அந்த இடத்தில் எடுக்கிற முடிவில்தான் வேலை மெய்ப்பாக நிற்பதும் செம்மையாக்கமாக மாறிவிடுவதும் இருக்கிறது.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கையேட்டுக்கு மெய்ப்புப் பார்த்தேன். அதில் ஒரு வாக்கியம்: “எல்லா நோயாளிகளுக்கும் இந்த மாத்திரை தேவையில்லை.” படித்தபோது நெருடியது. ‘எல்லா’ என்ற சொல் ‘இல்லை’யோடு சேரும்போது தெளிவு போய்விடுகிறது என்று நினைத்து, “எந்த நோயாளிக்கும் இந்த மாத்திரை தேவையில்லை” என்று மாற்றினேன். வாக்கியம் பளிச்சென்று ஆனது, பொருளோ தலைகீழாகிவிட்டது. சிலருக்குத் தேவை, எல்லாருக்கும் கட்டாயமில்லை என்பதுதான் ஆசிரியர் சொல்ல வந்தது. யாருக்குத் தேவை என்ற பட்டியல் இரண்டு அத்தியாயங்கள் தள்ளி இருந்தது. நான் அதுவரை போயிருக்கவே இல்லை. அச்சுக்குப் போகும் முன் ஆசிரியர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

அந்தத் தவறுக்குக் காரணம் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. செம்மையாக்கம் செய்பவர் முதலில் முழுப் பிரதியையும் பொருளுக்காகப் படிக்கிறார், பிறகுதான் வாக்கியத்தில் கை வைக்கிறார். மெய்ப்புப் பார்ப்பவரின் கண் எழுத்தெழுத்தாக நகர்கிறது. அந்த ஓட்டத்தில் ஒரு வாக்கியம் அடுத்த அத்தியாயத்தோடு எப்படி இணைகிறது என்பது பிடிபடாது. அவ்வளவு தொலைவு படிக்க நேரமும் தரப்பட்டிருக்காது. அந்த நிலையில் வாக்கியத்தை மாற்றுவது புரியாத ஒன்றை மாற்றுவதாகிவிடும். மேலோட்டமான வேலையில் வாக்கியங்களை விட்டுவைக்கச் சொல்வது இதனால்தான். அதே வாக்கியம் இன்று என்னிடம் வந்தால் ஓரத்தில் இப்படி எழுதுவேன்: “இரண்டு பொருள் வருகிறது. ‘சிலருக்கு மட்டுமே தேவை’ என்பதா, ‘யாருக்குமே தேவையில்லை’ என்பதா?” எழுத அரை நிமிடம்கூட ஆகாது.

எவ்வளவு ஆழம் என்பதைப் படித்துக்கொண்டே முடிவு செய்யக் கூடாது, தொடங்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அண்மையில் பார்த்த ஒரு நூலை வைத்துச் சொல்கிறேன். வீட்டுத் தோட்டம் பற்றியது, 180 பக்கம், பக்க வடிவமைப்பு முடிந்து பி.டி.எஃப். கோப்பாக வந்தது. முதலில் 12 பக்கங்களை எடுத்தேன்: தொடக்கத்தில் நான்கு, நடுவில் நான்கு, கடைசியில் நான்கு. தொடக்கத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் எழுதியவர் பலமுறை படித்துத் திருத்தியிருப்பது முதல் சில பக்கங்களைத்தான். இந்த நூலிலும் அப்படித்தான் இருந்தது. 12 பக்கங்களில் கிடைத்த 27 எழுத்துப் பிழைகளில் முதல் நான்கு பக்கங்களில் இருந்தவை மூன்று மட்டுமே.

அந்த 12 பக்கங்களில் எதையும் திருத்தாமல் எண்ணிக்கை மட்டும் எடுத்தேன். எழுத்துப் பிழை 27. விடுபட்ட ஒற்று 31. இரண்டு விதமாக எழுதப்பட்ட சொற்கள் ஐந்து. மாற்றி எழுதினால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிய வாக்கியங்கள் 22. முதல் மூன்று வகையும் சேர்ந்து பக்கத்துக்கு ஐந்தோ ஆறோதான் வருகிறது, அது மெய்ப்புக்குள் அடங்கும். என் வேகத்தில் மணிக்குப் பத்துப் பக்கம், ஆக 18 மணி நேரம். அந்த 22 வாக்கியங்களைப் போன்றவற்றையும் தொடுவதென்றால் மணிக்கு நான்கு பக்கம்தான் நகரும், 45 மணி நேரம் ஆகும். இந்த இரண்டு எண்களையும் பதிப்பாசிரியருக்கு எழுதினேன். “பிழைகளைத் திருத்துகிறேன். பொருள் குழம்புகிற இடங்களில் கேள்வி எழுதுகிறேன். நடையைத் தொடமாட்டேன். நடையும் வேண்டுமென்றால் அது வேறு வேலை, இப்போதே சொல்லிவிடுங்கள்.” அவர் முதலாவதையே கேட்டார். அதன் பிறகு எனக்குள் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

விடுபட்ட ஒற்று பக்கத்துக்குப் பதினைந்து என்று இருந்திருந்தால் கதை வேறு. அது எழுதியவர் ஒற்றே போடுவதில்லை என்பதற்கான அடையாளம். அப்போது ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போவதற்கு முன், பதிப்பகத்தின் வழக்கம் என்ன என்று கேட்டே ஆக வேண்டும். எதைப் போடுவது என்று ஒரு வரையறையும் வேண்டும். நான் வைத்திருப்பது இதுதான்: ‘அவனைக் கண்டேன்’, ‘வீட்டுக்குப் போனான்’ என்று இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகள் வெளிப்படையாக வரும் இடங்களில் கட்டாயம் போடுவேன். ஒற்றால் பொருளே மாறுகிற இடத்தை ஒருபோதும் விடமாட்டேன். ‘வேலை கொடுத்தான்’ என்றால் பணி, ‘வேலைக் கொடுத்தான்’ என்றால் கையில் பிடிக்கிற வேல். மற்ற இடங்களில் நூல் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

ஒரு திருத்தம் மெய்ப்புக்குள் வருமா என்று ஐயம் வந்தால், அதற்கான காரணத்தை அரை வரியில் சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன். ‘சுவற்றில்’ என்பதைச் ‘சுவரில்’ என்று மாற்ற முடியும், ஏனென்றால் சொல் சுவர், சுவறு அன்று. ‘மாணவர்கள் வந்தது’ என்பதை ‘வந்தார்கள்’ என்று மாற்ற முடியும், எழுவாயும் பயனிலையும் பொருந்தவில்லை. ஆனால் ‘அருகாமையில்’ என்பதை ‘அருகில்’ என்று மாற்றுவதற்கு அரை வரி போதாது. ‘முயற்சிக்கிறேன்’, ‘வாழ்த்துக்கள்’ போன்றவையும் அப்படித்தான். இவற்றில் எனக்கு உறுதியான கருத்து உண்டு, செம்மையாக்கத்தில் அதற்காக வாதாடவும் செய்வேன். மெய்ப்பில் அவற்றுக்கு இடமில்லை. ஒரே நூலில் ‘வாழ்த்துக்கள்’, ‘வாழ்த்துகள்’ என்று இரண்டும் வந்தால் மட்டும், எது அதிகம் வருகிறதோ அதற்கு மற்றதை மாற்றி, தனியாக வைத்திருக்கும் சொற்பட்டியலில் குறித்துக்கொள்கிறேன்.

கோப்பு எந்தக் கட்டத்தில் வந்திருக்கிறது என்பதும் ஆழத்தை முடிவு செய்யும். வேர்ட் கோப்பில் ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் நட்டமில்லை. பக்கம் அமைத்த பிறகு ஒரு சொல்லைச் சேர்த்தால் பத்தி ஒரு வரி நீளலாம். அதனால் பக்கத்தின் கடைசி வரி அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக விழலாம், அல்லது ஒரு துணைத்தலைப்பு பக்கத்தின் அடியில் தனித்து நின்றுவிடலாம். நூலின் கடைசியில் சொல்லடைவு இருந்தால் அதிலுள்ள பக்க எண்களும் பிசகும். அதனால் இந்தக் கட்டத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால், அதே பத்தியில் அந்த நீளத்துக்கு எதைக் குறைக்கலாம் என்று வடிவமைப்பாளருக்குச் சேர்த்தே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்புகளில் ‘மௌனம்’ என்பது ‘மெளனம்’ என்று இருக்கும். முதலாவதில் இருப்பது ஔகாரக் குறியீடு. இரண்டாவதில் எகரக் கொம்பும், பக்கத்தில் ஒரு ளகரமும். அச்சில் வேறுபாடு தெரியாது, மின்னூலில் தேடினால் சொல் அகப்படாது. இதைச் சரிசெய்யக் கோப்பு முழுவதும் ஒரே ஆணையில் மாற்றினால் ‘வெள்ளம்’, ‘வெள்ளை’ எல்லாம் ஔகாரமாகிச் சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்த பக்கங்களை இணையத்தில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அச்சு மட்டும் என்றால் நான் இதைத் தொடுவதில்லை. மின்னூலும் உண்டு என்றால் மௌனம், கௌரவம், பௌர்ணமி என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றச் சொல்லி ஒரு பட்டியல் கொடுத்துவிடுகிறேன்.

தோட்ட நூலில் எழுபதாம் பக்கம் தாண்டியதும் என் ஆழம் கூடிவிட்டதை உணர்ந்தேன். அத்தியாயத்துக்கு அத்தியாயம் திருத்தங்களை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். முதல் மூன்று அத்தியாயங்களில் பக்கத்துக்கு ஆறாக இருந்தது நான்காவதில் பதினொன்று. பிழைகள்தான் கூடிவிட்டனவா என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. ‘மேலும்’ என்பதை எடுத்திருந்தேன், ‘பயன்படுத்தப்படுகிறது’ என்பதைப் ‘பயன்படுகிறது’ என்று சுருக்கியிருந்தேன். வேலையில் ஊறிப்போனால் கை தானாகவே அங்கே போய்விடுகிறது. ஒவ்வொன்றையும் பழையபடி மாற்றினேன், மனமில்லாமல்தான். ஆனால் ஓர் அத்தியாயம் மட்டும் வேறு கையால் தீட்டியது போல் இருந்தால், நூலில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

வேலை எவ்வளவு மேலோட்டமானதாக இருந்தாலும் நான் ஆழம் குறைக்காத இடம் எண்களும் அளவுகளும். எழுத்துப் பிழையை வாசகர் தாமே திருத்திப் படித்துக்கொள்வார், தவறான எண்ணை அப்படியே நம்புவார். பொருளடக்கத்தில் உள்ள பக்க எண், படத்தின் கீழ் உள்ள வரி, அட்டவணையின் கூட்டுத்தொகை, அளவுகளின் அலகு ஆகியவற்றைத் தனியாக இரண்டாவது சுற்றில் பார்க்கிறேன். தோட்ட நூலில் 112ஆம் பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் என்றிருந்தது, பின்னிணைப்பு அட்டவணையில் 50 மி.லி. என்றிருந்தது. எது சரி என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தாலும் இரண்டில் எதையும் நான் மாற்றவில்லை. இரு பக்க எண்களையும் குறித்து, “50 மி.லி. அளவில் தெளித்தால் செடி கருகக்கூடும், அச்சுக்கு முன் ஆசிரியர் உறுதி செய்ய வேண்டும்” என்று கேள்விப் பட்டியலின் முதல் வரியாக வைத்தேன்.

அந்தப் பட்டியலில் மொத்தம் 14 கேள்விகள் இருந்தன. மறுநாள் மாலை ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஒன்பது இடங்களில் அவரே வாக்கியத்தை மாற்றி எழுதியிருந்தார், நான் மனத்தில் வைத்திருந்ததைவிட நன்றாகவே இருந்தது. நான்கை ‘இப்படியே இருக்கட்டும்’ என்று விட்டிருந்தார். வேப்பெண்ணெய்க்கு எதிரே ‘5’ என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார்.