எரிந்தது ஒரு பங்கு, குறைத்தது ஏன்? காப்பீட்டுப் பற்றாக்குறைக் கணக்கை மறுப்பது எப்படி

சேலத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் சர்வேயராகத் தீ விபத்து இழப்புகளை மதிப்பிட்டுவிட்டு, இப்போது இழப்பீடு கோருவோருக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். அந்த இரண்டு பக்கங்களையும் பார்த்தவன் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: பகுதி இழப்பில் சர்வேயர் தொகையைக் குறைக்கும்போது, பெரும்பாலானோர் எரிந்த பொருளின் மதிப்பைப் பற்றியே வாதிடுகிறார்கள். ஆனால் பணம் குறைந்த இடம் அதுவாக இருப்பதில்லை. எரியாமல் தப்பிய பொருளையும் சேர்த்து மொத்தச் சரக்கின் மதிப்பு எவ்வளவு என்று எழுதியிருக்கும் அந்த ஒற்றை எண்ணில்தான் அது இருக்கிறது.

விதி எளிமையானது. விபத்து நாளில் தொழிற்கூடத்தில் இருந்த சரக்கின் மொத்த மதிப்பு, அதற்கு எடுத்த காப்பீட்டுத் தொகையைவிட அதிகமாக இருந்தால், குறைவான பங்குக்கு உரிமையாளரே தம்மைத் தாமே காப்பீடு செய்துகொண்டதாகக் கருதப்படும். ஆகவே இழப்பும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். இதைத்தான் ஆவரேஜ் நிபந்தனை என்கிறோம்.

வழங்கும் தொகை = இழப்பு × காப்பீட்டுத் தொகை ÷ விபத்து நாளின் மொத்த மதிப்பு

இளம்பிள்ளையில் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தார். மின்கசிவால் பிடித்த தீ, கூடத்தின் ஒரு மூலையில் அடுக்கியிருந்த நூலையும் நெய்து முடித்த சேலைகளையும் தின்றுவிட்டது. சரக்குக்கான காப்பீட்டுத் தொகை 20 லட்சம் ரூபாய். எரிந்த சரக்கு 8 லட்சம் ரூபாய் என்று ஒப்புக்கொண்ட சர்வேயர், கூடத்தின் மொத்தச் சரக்கு 32 லட்சம் ரூபாய் என்று எழுதி, 20-ஐ 32-ஆல் வகுத்து, 5 லட்சம் ரூபாய் மட்டுமே தரலாம் என்று பரிந்துரைத்திருந்தார். “எட்டு லட்சம் எரிஞ்சதுன்னு அவரே எழுதியிருக்காரு சார், அப்புறம் ஏன் அஞ்சுதான்னு சொல்றாங்க?” என்று அவர் கேட்டார். பாலிசிக்காரர்களில் பலருக்கும் இதே குழப்பம்தான்.

நான் முதலில் செய்யச் சொன்னது, சர்வே அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது. அறிக்கையைக் கேட்கும் உரிமை பாலிசிதாரருக்கு உண்டு. மதிப்புக் கணக்கு இருக்கும் இணைப்புத் தாள் இல்லாமல் வரும் அறிக்கையை முழு அறிக்கையாக ஏற்கக் கூடாது. அதையும் கேட்டு வாங்க வேண்டும். அந்தத் தாளைப் பிரித்துப் பார்த்தபோது, 32 லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. வங்கிக் கடனுக்காக மாதக் கடைசியில் கொடுத்திருந்த சரக்குப் பட்டியலில் இருந்த தொகையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இரண்டு பிழைகள் இருந்தன.

ஒன்று, 7 லட்சம் ரூபாய் மதிப்புள்ள நூல் அவருடையதே அல்ல. சேலை வியாபாரி ஒருவர் கூலி நெசவுக்காகக் கொடுத்துவைத்த நூல் அது. கூடத்துக்காரருடைய பாலிசியில் ‘சொந்தச் சரக்கு’ என்று மட்டுமே எழுதியிருந்தது. பிறர் ஒப்படைத்த சரக்கு அதில் சேர்க்கப்படவில்லை. காப்பீடு செய்யப்படாத பொருளை மொத்த மதிப்பில் சேர்ப்பது தவறு. இதை நிரூபிக்க, நூல் வந்தபோது வியாபாரி கொடுத்த டெலிவரி சலான்களும், வியாபாரியின் ஜிஎஸ்டி பதிவுகளில் அந்த நூல் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டதாகக் காட்டும் பகுதியும், கூலி ரசீதுகளும் போதுமானவையாக இருந்தன. ஆனால் நியாயம் இரு பக்கமும் பொருந்த வேண்டும். எரிந்த 8 லட்சத்திலும் 80 ஆயிரம் ரூபாய் நூல் அந்த வியாபாரியுடையது. அதையும் கழித்தே கடிதம் எழுதினோம். அதை மறைத்திருந்தால், மற்றவற்றையும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த ஒரு திருத்தத்தோடு மட்டும் நின்றிருந்தால் மொத்த மதிப்பு 25 லட்சம், இழப்பு 7.2 லட்சம், கிடைப்பது 5.76 லட்சம் ரூபாய். தொகையில் சிறியதானாலும், விளைவில் இரண்டாவது பிழைதான் பெரியது. நெய்து முடித்த சேலைகளைப் பட்டியலில் விற்பனை விலையில் 12 லட்சம் என்று போட்டிருந்தார்கள். நூல், சாயம், கூலி எல்லாம் சேர்ந்த அடக்க விலை 10 லட்சம்தான். அதே சர்வேயர் எரிந்த சேலைகளுக்கு மட்டும் அடக்க விலையைப் பயன்படுத்தியிருந்தார். இழப்பை ஒரு தராசிலும் மொத்த மதிப்பை வேறொரு தராசிலும் நிறுத்தால் விகிதம் எப்படிச் சரியாக வரும்? பாலிசி எந்த அடிப்படையைச் சொல்கிறதோ, அதே அடிப்படை இரண்டுக்கும் பொருந்த வேண்டும். கட்டடத்திலும் தறியிலும் இதே பிழை வேறு வடிவில் வரும்: மொத்த மதிப்புக்குப் புதிய விலையைப் போட்டுவிட்டு, இழப்பில் மட்டும் தேய்மானத்தைக் கழிப்பார்கள்.

இரண்டையும் திருத்தினால் மொத்த மதிப்பு 23 லட்சம். பற்றாக்குறை 3 லட்சம், அதாவது சுமார் 13 சதவீதம். அவர் எடுத்திருந்தது ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி. 2021 ஏப்ரல் முதல் சிறு தொழில்களுக்கு வழங்கப்படும் இந்தப் பாலிசியில், 15 சதவீதம் வரையிலான பற்றாக்குறையைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே ஆவரேஜ் நிபந்தனையே எழவில்லை. பாலிசியில் கண்ட கழிவுத் தொகை நீங்கலாக 7.2 லட்சம் முழுவதும் தர வேண்டியதாயிற்று. வீட்டுக்கான ‘பாரத் கிரஹ ரக்ஷா’ பாலிசியில் இந்தச் சலுகை இன்னும் தாராளமானது. பழைய வகைப் பாலிசிகளில் அந்தந்தப் பாலிசியின் வாசகத்தையே பார்க்க வேண்டும்.

இந்த வாதம் தோற்கும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். வங்கியில் கூடுதலாகப் பணம் எடுப்பதற்காகப் பிறர் நூலையும் தன்னுடையதென்று கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தால், தீ விபத்துக்குப் பிறகு அது என்னுடையதல்ல என்று சொல்வது மிகக் கடினம். இவருடைய நல்ல காலம், பட்டியலோடு இணைத்த தாளில் நூலின் உடைமை தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. மொத்தத் தொகையை எடுத்தவர்கள் அந்தத் தாளைப் பார்க்கவில்லை. அதுபோலவே, சரக்கில் வந்த பற்றாக்குறையைக் கட்டடத்துக்கு மிகுதியாக எடுத்திருக்கும் தொகையால் ஈடுகட்டலாம் என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு இனமும் தனித்தனியாகக் கணக்கிடப்படும்.

கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு, ஆதாரங்களுடன், பழைய கணக்கும் புதிய கணக்கும் அருகருகே இருக்குமாறு அனுப்பினோம். சர்வேயர் அறிக்கையே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009-ஆம் ஆண்டு பிரதீப் குமார் வழக்கில் சொன்னதையும் அதில் எடுத்துக்காட்டினோம். இடையில் வந்த ஐந்து லட்சத்தை மறுக்கவில்லை. ரசீதில் ‘மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்; தனி உரிமையாளர்களும் குறு நிறுவனங்களும் அங்கே செல்ல முடியும். சேலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இன்னொரு வழி. அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். இவருக்கு எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நிறுவனம் சர்வேயரிடம் திருத்த அறிக்கை கேட்டது. நூல் விஷயத்தை அவர் உடனே ஏற்றார், அடக்க விலை விஷயத்தைப் பேசிப் பேசித்தான் ஏற்றார்.

வியாபாரியின் நூலுக்கான 80 ஆயிரத்தைக் கூடத்துக்காரரே சிறுகச் சிறுகக் கூலியில் கழித்துக் கொடுத்தார். அடுத்த புதுப்பிப்பில், பிறர் ஒப்படைத்த சரக்கையும் பாலிசியில் சேர்த்து எழுதச் சொன்னேன். அப்படிச் சேர்த்தால் அந்த நூலும் மொத்த மதிப்பில் எண்ணப்படும் என்பதால், காப்பீட்டுத் தொகையையும் கூடவே 32 லட்சத்துக்கு உயர்த்தினோம்.