ஸ்டேட்ஃபுல்: நிலையறியும் காவல்

நெட்வொர்க்கில் வந்துபோகும் தரவைச் சோதிக்கும் ஃபயர்வால் என்ற காவலை ஸ்டேட்ஃபுல், ஸ்டேட்லெஸ் என்று இரு வகையாகப் பிரிப்பார்கள். 'ஸ்டேட்ஃபுல்' என்பதன் வேர் 'ஸ்டேட்'. அது 'நிற்றல்' எனப் பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'நிலை'யும் 'நில்' என்பதிலிருந்துதான் பிறந்தது. வேர்கள் இப்படி ஒத்துப்போவதால் ஸ்டேட்லெஸ் என்பதைப் பலர் யோசிக்காமல் 'நிலையற்ற' என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தமிழில் நிலையற்றது என்றால் நிலைக்காதது. இங்கே கேள்வியோ, ஒரு இணைப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று காவல் குறித்துவைக்கிறதா என்பது. 'நிலையறி', 'நிலையறியா' என்பவை எனக்குப் பொருத்தமாகப் படுகின்றன.

அமேசான் கிளவுடில் இரண்டு காவல்களும் அடுத்தடுத்து நிற்கும். செக்யூரிட்டி குரூப் (பாதுகாப்புக் குழு) சர்வரின் நெட்வொர்க் இடைமுகத்தில் ஒட்டியிருக்கும், நிலையறி வகை. நெட்வொர்க் ஏசிஎல் (அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்) சப்நெட்டின் வாசலில் இருக்கும், நிலையறியா வகை.

ஒரு உதாரணம். வெளியிலிருந்து ஒருவர் 443-ஆம் போர்ட்டுக்கு வருகிறார். அவருடைய கணினி தன் பக்கத்துக்குத் தற்காலிகமாக 51514 என்ற போர்ட்டை எடுத்துக்கொள்கிறது. செக்யூரிட்டி குரூப்பில் 443-க்கு உள்வரும் அனுமதி ஒன்றே போதும். வெளிச்செல்லும் விதி ஒன்றுகூட இல்லாவிட்டாலும் பதில் போய்விடும், வந்த இணைப்பு அதன் குறிப்பில் இருக்கிறதே.

ஏசிஎல்லிடம் அந்தக் குறிப்பு கிடையாது. பதில் பாக்கெட்டையும் புதிதாக வந்ததாகவே பார்க்கும். இங்கேதான் வழக்கமான சறுக்கல்: உள்ளே 443, வெளியேயும் 443 என்று அனுமதித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஆனால் பதிலுக்கு 443 புறப்படும் போர்ட்தான், போய்ச்சேரும் போர்ட் 51514. ஏசிஎல்லின் வெளிச்செல்லும் விதி பார்ப்பது போய்ச்சேரும் போர்ட்டை. விதி பொருந்தாததால் பாக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்படும். வந்தவருக்கு மறுப்புச் செய்தி எதுவும் கிடைக்காது, காத்திருந்து காத்திருந்து டைம்அவுட் ஆகும். போக்குவரத்தைப் பதிவுசெய்யும் ஃப்ளோ லாகில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும் (சில புலங்கள் மட்டும்):

```
203.0.113.7 10.0.1.20 51514 443 ACCEPT
10.0.1.20 203.0.113.7 443 51514 REJECT
```

உள்ளே வர அனுமதி, திரும்பிப் போக மறுப்பு என்ற இந்த ஜோடி தென்பட்டால் ஏசிஎல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தற்காலிகப் போர்ட்டின் எல்லை இயங்குதளத்தைப் பொறுத்தது. விண்டோஸ் வழக்கமாக 49152 முதல் 65535 வரை எடுக்கும், லினக்ஸ் 32768-இலிருந்தே தொடங்கும். யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாத பொதுச் சர்வருக்கு வெளிச்செல்லும் விதியில் 1024–65535 முழுவதையும் திறந்துவிடுவதுதான் நடைமுறை. கொஞ்சம் தாராளமாகத் தெரியும், ஆனால் வேறு வழியில்லை.

நினைவில்லாததிலும் ஒரு பயன் உண்டு. செக்யூரிட்டி குரூப்பில் ஒரு விதியை நீக்கினாலும், அது குறித்துவைத்துத் தொடரும் இணைப்பு உடனே அறுந்துவிடாது. ஏசிஎல்லில் மறுப்பு விதி சேர்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பும் அப்போதே நிற்கும். அந்த மறுப்பு விதியின் எண் அனுமதி விதியின் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஏசிஎல் சிறிய எண்ணிலிருந்து படித்து, முதலில் பொருந்தும் விதியிலேயே நின்றுவிடும்.