கொப்பியில் எல்லாம் 11 பாகை, கத்தரிக்காய் மட்டும் பழுது

தம்பிமார், தங்கச்சிமாருக்கு வணக்கம்.

போன மாதம் நம் இரண்டாம் குளிர் அறையிலிருந்து போன கத்தரிக்காயைக் கடைக்காரர் திருப்பி அனுப்பினார். இங்கிருந்து ஏற்றும்போது மினுமினுவென்றுதான் இருந்தது. கடையில் ஒரு நாள் வெக்கையில் கிடந்ததும் தோலில் குழி விழுந்தது. வெட்டினால் விதை மண்ணிறம். அது அழுகல் இல்லை, குளிர் பட்ட காயம். கத்தரிக்காய்க்கு 10 முதல் 12 பாகை செல்சியஸ் சரி. அதற்குக் கீழே நாட்கணக்கில் கிடந்தால் உள்ளே கெட்டுவிடும், ஆனால் வெளியே எடுத்து வைக்கும்வரை காட்டிக்கொடுக்காது.

அறையின் வெப்பநிலையை எழுதும் கொப்பியைப் பார்த்தேன். காலை, மதியம், இரவு எல்லாம் 11. ஒரே பேனை, ஒரே சாய்வு. அதைப் பற்றி இனிப் பேசப் போவதில்லை. ஆனால் உண்மையாகவே பார்த்து எழுதியிருந்தாலும் 11தான் வந்திருக்கும். அந்த அறையின் வெப்ப உணரி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாங்கள் கதவைத் திறந்து திறந்து மூட, வெளி வெக்கை அதில் பட, குளிரூட்டும் மெஷின் நிற்காமல் ஓடுகிறது. பின்னால், விசிறிக்கு நேரே இருந்த கூடைகளில் நான் அளந்தபோது 5 பாகை.

ஆகவே திங்கள் முதல், அந்த உணரி கதவில் காட்டும் எண் மட்டும் போதாது. காலை 6 மணிக்குக் கதவைத் திறக்க முன்னர் அந்த எண்ணை எழுதுங்கள். பிறகு உள்ளே போய், விசிறிக்கு முன்னாலுள்ள கூடையில் ஒரு கத்தரிக்காய், கதவோரக் கூடையில் ஒன்று எடுத்து, ஊசி வெப்பமானியை நடுச்சதைவரை குத்துங்கள். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்து எழுதுங்கள். ஊசியைத் துடையுங்கள், குத்திய காயை விற்பனைக்கு விடாதீர்கள். மதியம் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இதேதான். முதலாம் அறையில் கரட்டின் தடித்த பக்கத்தில் குத்தலாம்; அங்கே 0 முதல் 2 வரை இருக்கவேண்டும்.

சதையின் சூடு மெல்லத்தான் மாறும். அதனால் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்த காய் 30 காட்டினால் பயப்படாதீர்கள், வந்த நேரத்தைப் பக்கத்தில் குறியுங்கள். விசிறியின் ஐஸ் உருகும் நேரத்தில் கதவு எண் கொஞ்சம் ஏறும். அரை மணி கழித்துப் பாருங்கள். கரண்ட் போனால் போன நேரம், வந்த நேரம் இரண்டும் வேண்டும், அதுவரை கதவைத் திறக்கவேண்டாம்.

இரண்டாம் அறையில் எந்தக் காயாவது 10க்குக் கீழே காட்டினால் உடனே எனக்குச் சொல்லுங்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியை நீங்களே திருப்பவேண்டாம். முதலில் கூடையை விசிறியிலிருந்து தள்ளி வையுங்கள். பிழையாக எழுதினால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். வெள்ளை மை வேண்டாம்.

வெப்பமானியும் பொய் சொல்லும். திங்கள் காலையில் நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊசியை வைத்துப் பாருங்கள். 0 காட்டவேண்டும். ஒரு பாகைக்கு மேல் விலகினால் சிவப்பு நாடா கட்டி என் மேசையில் வையுங்கள், வேறொன்று தருகிறேன்.